அக்காவுக்கு நாலு விநாடி

அந்த ஸ்டுடியோவில் எல்லாரும் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் கத்திரிக்கோல் எதுவும் இருக்காது. ஒரு மவுஸ், எழுத்தெல்லாம் தேய்ந்துபோன ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். பதினெட்டு வருஷமாக, அடுத்தவர்கள் எடுத்த படத்தை வெட்டி ஒட்டிக் கொடுப்பது அவள் பிழைப்பு. மூன்று மணி நேரக் கல்யாண வீடியோவை, எந்தச் சொந்தக்காரரும் கோபித்துக்கொள்ளாதபடி இருபத்தைந்து நிமிஷமாக்குவாள். ஒரே ஒரு முறை, மாப்பிள்ளையின் பெரியப்பா சாப்பிடுகிற காட்சியை வெட்டிவிட்டாள். அந்தப் பெரியப்பா நேரில் வந்து, "நான் என்னம்மா பாவம் பண்ணேன்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து சாப்பிடுகிறவர்களை அவள் வெட்டுவதில்லை.

அவள் வேலை பார்த்த அறை ஒரு காலத்தில் விளக்குகளையும் துணிகளையும் போட்டுவைத்த அறை. திரையில் வெளிச்சம் படக்கூடாதென்று ஜன்னலைப் பலகை வைத்து அடித்து, மேலே கறுப்புத் துணி போட்டிருந்தார்கள். கதவு உள்பக்கமாகத் திறக்கும். படத்தைப் பார்க்க வருகிறவர் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டால், அவர் எழுந்து ஸ்டூலைத் தூக்கினாலொழிய இவள் வெளியே போக முடியாது. எத்தனையோ பேர் அப்படி மணிக்கணக்கில் உட்கார்ந்து, "இன்னொரு தடவை போடுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் குறைவாகக் குடிக்க அவள் அந்த அறையில்தான் பழகிக்கொண்டாள்.

வீட்டிலும் நிலைமை கிட்டத்தட்ட அதுதான். புருஷன் இவள் வேண்டாமென்று போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அவன் போன அதே வாரம் அக்கா வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் இவள் துணிகளை இரண்டு பையில் அடைத்துத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை கொடுத்தாள். அந்த அறைக்குத் தனி வாசல் கிடையாது. வெளியே போகவும் உள்ளே வரவும் அக்காவின் கூடத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும். அக்காவும் அத்தானும் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் பதினோரு வருஷமாக, "எங்க கிளம்பிட்டே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவள் தெருவில் இறங்கியதில்லை.

அக்கா இவளைவிடப் பதிமூன்று வயசு மூத்தவள். அம்மா போனபோது இவளுக்கு ஏழு வயசு. தலை பின்னிவிட்டதும் அக்காதான், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதும் அக்காதான். அந்த அக்கா ஒரு ஏணிக் கம்பெனியில் வேலை பார்த்தாள். வீட்டுக்கு வாங்குகிறோமே, மடக்கி வைக்கிற அலுமினிய ஏணி, அதைச் செய்கிற கம்பெனி. அக்காவுக்குச் சோதனைப் பிரிவு. முடிந்து வருகிற ஏணியை விரித்து, ஒவ்வொரு படியிலும் ஏறி நின்று, ஆட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் ஒட்டுச்சீட்டு ஒட்டி அனுப்பவேண்டும். இருபத்திரண்டு வருஷமாக ஏறி இறங்கி முட்டி இரண்டும் போய்விட்டது.

போன வருஷம் ஒரு நாள் சாப்பிடும்போது அக்கா சந்தோஷமாகச் சொன்னாள்: "இனிமே எல்லாத்துலயும் ஏற வேணாமாம்டி. இருபதுக்கு ஒண்ணு ஏறிப் பார்த்தாப் போதும்னு சொல்லிட்டாங்க. மிச்சத்துக்கு அப்படியே சீட்டு ஒட்டிடலாம். என் முட்டி பொழச்சுது."

இவளும் அப்போது, "நல்லதாப் போச்சு" என்றுதான் சொன்னாள்.

அதற்குச் சில மாசம் கழித்துக் கம்பெனிக்காரர்கள் ஒரு விளம்பரப் படம் எடுத்தார்கள். வேறு ஏதோ பெரிய நிறுவனம் வந்து எடுத்தது. கண்காட்சியில் போட, கம்பெனியின் இணையதளத்தில் வைக்க. எழுபத்தெட்டு விநாடிப் படம். அதில் அக்காவும் இருந்தாள். ஏணியில் ஏறி, மேல் படியில் நின்று, திரும்பிப் பார்த்து ஒரு வரி பேசினாள். அதை வீட்டில் எத்தனை தடவை போட்டுப் பார்த்தார்கள் என்று கணக்கே இல்லை. அத்தான் தன் போனில் அதை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு, பால் வாங்கப் போன இடத்தில்கூடக் காட்டினார்.

இப்போது கம்பெனி அதையே டிவியில் போட முடிவு செய்தது. டிவிக்காரர்கள் கொடுத்த நேரம் சரியாக அறுபது விநாடி. "எங்க தங்கச்சி இந்த வேலைதான் பண்றா" என்று அக்கா எங்கோ வாய் திறக்க, வேலை இந்த ஸ்டுடியோவுக்கு வந்தது. ஸ்டுடியோ முதலாளிக்கு வாயெல்லாம் பல். அக்காவுக்கோ அதைவிடப் பெருமை. அன்று காலை இவள் கிளம்பும்போது கூடத்தில் நிறுத்திச் சொன்னாள்:

"இன்னைக்கு நம்ம படம்தானே? பக்கத்து வீட்ல, எதிர் வீட்ல எல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்கு. என்னை எங்கயாச்சும் வெட்டித் தொலைச்சிடாதே."

"வெட்டுவேனாக்கா?" என்றாள் இவள்.

ஸ்டுடியோவில் முதல் வேலையாகப் படத்தை இறக்கிப் பார்த்தாள். பேச்சும் பாட்டும் பின்னணிக் குரலும் ஒன்றாகக் கலந்து முடித்த படம். தனித்தனியாக எதுவும் இல்லை. எடுத்தவர்களிடம் கேட்டால் மூலப்படம் அழிந்துவிட்டது என்கிறார்கள். அதாவது படத்தில் எங்கே கை வைத்தாலும் கீழே ஓடுகிற இசையும் சேர்ந்தே வெட்டுப்படும். நல்ல வேளையாக இசை ஒரே தாளத்தில் போயிற்று. இரண்டு விநாடிக்கு ஒரு சுற்று. அந்தச் சுற்று முடிகிற இடத்தில் வெட்டி, இன்னொரு சுற்று தொடங்குகிற இடத்தில் ஒட்டினால் கேட்கிறவருக்குத் தெரியாது.

ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். தொழிற்சாலைக்கு மேலே சூரியன் உதிக்கிறது, வெறும் இசை: எட்டு விநாடி. கம்பெனியின் பெரியவர் தன் அப்பா படத்துக்கு முன்னால் நின்று பேசுகிறார்: பன்னிரண்டு. இயந்திரங்கள்: பதினாலு. அக்கா: எட்டு. ஒரு குடும்பம் வீட்டில் ஏணி வைத்துச் சுவருக்கு வெள்ளையடிக்கிறது: பதினாலு. ஏணி வகைகள் வரிசையாக: பத்து. "சமதளத்தில் மட்டும் பயன்படுத்தவும்" என்ற எச்சரிக்கை: நாலு. கடைசியில் கம்பெனிச் சின்னம், தொலைபேசி எண்: எட்டு. மொத்தம் எழுபத்தெட்டு. பதினெட்டு விநாடி போகவேண்டும். விநாடிக்கு இருபத்தைந்து பிரேம். ஆக ஆயிரத்து ஐந்நூறு பிரேம் இருக்கவேண்டும். ஆயிரத்து ஐந்நூற்று ஒன்று இருந்தாலும் டிவிக்காரர்களின் கம்ப்யூட்டர் தானாகவே திருப்பி அனுப்பிவிடும். ஆள் பார்த்துச் சொல்லக்கூட மாட்டார்கள்.

எழுதி முடித்துவிட்டு, அக்காவின் எட்டு விநாடியை மட்டும் ஹெட்போன் போட்டுக் கேட்டாள்.

முதல் மூன்று விநாடி அக்கா ஏணியில் ஏறுகிறாள். கேமரா பின்னால் இருக்கிறது. அப்புறம் திரும்பிச் சிரிக்கிறாள். "நான் ஏறிப் பார்க்காம எங்க கம்பெனி ஏணி ஒண்ணுகூட வெளியே போகாது." ஐந்து விநாடி.

வீட்டில் இத்தனை முறை கேட்ட வரிதான். அங்கே எல்லாரும் அக்காவின் சிரிப்பைப் பார்த்தார்கள், புடவையைப் பார்த்தார்கள். வரியை யாரும் கேட்கவில்லை. இவளும் கேட்டதில்லை. இப்போது ஹெட்போனில், இசையைத் தாண்டி, ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது. ஒண்ணுகூட வெளியே போகாது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் முட்டியைத் தடவிக்கொண்டு, இருபதுக்கு ஒண்ணு என்று சொன்னதும் இதே குரல்தான்.

ஏதோ ஒரு வீட்டில் யாரோ விளக்கு மாட்ட மேலே ஏறுவார்கள். அக்கா ஏறிப் பார்த்திருக்கிறாள் என்று நம்பித்தான் ஏறுவார்கள்.

சொல்லவும் வழியில்லை. "இது பொய்" என்று வாய் திறந்தால், "உனக்கு யார் சொன்னது?" என்பார்கள். அக்காவுக்கு ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. அக்காவைக் காட்டிக்கொடுக்காமல் அந்த வரியைத் தூக்கவேண்டுமானால் ஒரே ஒரு சாக்குதான் உண்டு. நேரம் போதவில்லை. வெட்டுகிறவளுக்கு அதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? அக்காவின் எட்டு, சூரியனின் எட்டு, இயந்திரத்தில் ஒரு இரண்டு. பதினெட்டு. கணக்கு கச்சிதமாக வந்தது. ராத்திரி வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்பதை மட்டும் அவள் அந்தத் தாளில் எழுதவில்லை.

பதினோரு மணிக்குக் கம்பெனியின் விளம்பர மேனேஜர் வந்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும். வேலை தெரிந்த மனுஷர், மரியாதையாகப் பேசுகிறவர். ஸ்டூலைக் கதவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். கத்திரி தான் வெட்டி வைத்ததை ஓட்டிக் காட்டினாள்.

"எல்லாம் சரிம்மா. அந்த ஏறுற அம்மா எங்க?"

"நேரம் போதலை சார்."

"என்ன இப்படிச் சொல்றீங்க? இந்தப் படத்துலயே உருப்படியான வரி அது ஒண்ணுதான். மிச்சமெல்லாம் எல்லாக் கம்பெனிக்காரனும் சொல்றது." அவர் தாளை எடுத்துப் பார்த்தார். "சூரியன் எட்டு போகட்டும். மெஷின் எதுக்குப் பதினாலு? எட்டு போதும். அதுல ஆறு மிச்சம். வெள்ளையடிக்கிறதுல நாலு எடுங்க. எட்டும் ஆறும் நாலும் பதினெட்டு. அந்தம்மா அப்படியே இருப்பாங்க."

அவர் சொன்னது சரி. இவள் வெட்டியதைவிட நல்ல வெட்டு. பதினெட்டு வருஷ அனுபவம் அவளுக்கே எதிராக, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிற்று.

"மெஷின் காட்சியில பின்னணிக் குரல் இருக்கு சார். நடுவுல வெட்டினா வாக்கியம் உடைஞ்சுடும்."

"எங்க, போடுங்க பார்ப்போம்."

போட்டாள். 'நவீன இயந்திரங்கள்' என்று முடிந்து, குரல் மூச்சு வாங்கி, 'ஒவ்வொரு இணைப்பும்' என்று அடுத்தது தொடங்கியது. சரியாக அந்த மூச்சில் வெட்டலாம். அவருக்கும் அது கேட்டுவிட்டது. "அதோ, அங்க" என்று விரலை நீட்டினார்.

"அந்தம்மா பேசுற இடத்துல கொஞ்சம் இரைச்சல் இருக்கு சார்."

"எனக்கு நல்லாத்தானே கேக்குது?"

இனி என்ன சொல்வது? திரையில் அக்கா சிரித்தபடி நின்றிருந்தாள். இவள் ஸ்பேஸ் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு, தனக்கே புரியாத ஒரு வேகத்தில் சொன்னாள்: "முகம் சரியில்லை சார். டிவில பெரிசாத் தெரியும். வயசான முகம், பல்லு வேற கொஞ்சம்... விளம்பரத்துக்கு எடுப்பா இல்லை."

மேனேஜர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அது உங்க அக்கான்னு சொன்னாங்களே?"

எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் கதவுக்கும் அவளுக்கும் நடுவில் ஸ்டூலும் மேனேஜரும் இருந்தார்கள்.

"ஆமா சார்."

"எனக்கு அந்த முகம் பிடிச்சிருக்கு. வீட்ல பார்க்கிற முகம். இருக்கட்டும்" என்றார் அவர், கொஞ்சம் கண்டிப்பாக.

அவர் சொன்னபடியே வெட்டினாள். சூரியன் போயிற்று. இயந்திரத்தில் ஆறு. வெள்ளையடிப்பதில், பையன் வாளியைத் தூக்கிக் கொடுக்கிற நாலு. ஓட்டிப் பார்த்தார்கள். அறுபது விநாடி, ஆயிரத்து ஐந்நூறு பிரேம், ஒன்று கூடவில்லை, குறையவில்லை. இசை ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. அக்கா ஏறினாள், திரும்பினாள், சொன்னாள். கேட்டால் நாமே போய் ஒரு ஏணி வாங்கலாம் போலிருந்தது. தன் கையால் இவ்வளவு நல்ல விளம்பரம் வெகு நாளாக வந்ததில்லை என்று கத்திரிக்குத் தெரிந்தது.

படத்தோடு ஒரு படிவம் போகவேண்டும். விளம்பரத்தில் என்னென்ன உறுதி சொல்லப்படுகிறது, ஒவ்வொன்றுக்கும் என்ன ஆதாரம் என்று டிவிக்காரர்கள் கேட்கிற படிவம். விளம்பரம் கொடுக்கிறவர் கீழே கையெழுத்துப் போடவேண்டும். அதை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. ஸ்டுடியோ முதலாளி, 'அனைத்தும் நிறுவனத்தின் பொறுப்பு' என்று ஒரு வரியைத் தட்டச்சு செய்து ரெடியாக வைத்திருப்பார். அதை அச்சடித்துக் கையெழுத்து வாங்கி அனுப்புவதுதான் வழக்கம்.

மேனேஜர் டீ குடிக்க வெளியே போனார். நாலு மணிக்குள் படம் போய்ச் சேரவேண்டும். அப்போது மணி இரண்டே கால். கத்திரி அந்தப் படிவத்தைத் திறந்தாள். ரெடியாக இருந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதை அழித்தாள்.

ஒன்று: நூற்றைம்பது கிலோ தாங்கும். ஆதாரம்: ஆய்வுக்கூடச் சான்றிதழ்.

இரண்டு: ஐந்து வருட உத்தரவாதம். ஆதாரம்: உத்தரவாத அட்டை.

மூன்று: ஏறிப் பார்க்காமல் ஒரு ஏணிகூட வெளியே போவதில்லை. ஆதாரம்:

அதோடு விட்டுவிட்டாள். அதை அச்சடித்ததைப் பற்றிப் பின்னால் ஒரு முறை சொன்னாள். வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும் என்றெல்லாம் தைரியம் ஒன்றும் வரவில்லையாம். வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

மேனேஜர் திரும்பி வந்து, பேனாவைத் திறந்து, நின்றபடியே படித்தார். முதல் வரிக்குத் தலையாட்டினார். இரண்டாவதுக்கும். மூன்றாவது வரிக்கு வந்ததும் பேனா அப்படியே நின்றது. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இதை எதுக்கு எழுதினீங்க?"

"படத்துல சொல்றாங்க சார். காதுல விழுந்ததை எழுதினேன்."

"ஆதாரம்னு எதைக் காட்டுறது?"

"தினம் எத்தனை ஏணி போகுது, எத்தனை ஏறிப் பார்த்தாங்கன்னு உங்க கம்பெனியில பதிவு இருக்கும்ல சார்? அதோட ஒரு பிரதி போதும்."

அந்த வரியை எழுதியது அவரில்லை. படம் எடுத்தவர்கள் எழுதியது. ஆனால் பதிவேட்டில் என்ன இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"உங்க அக்கா ஏதாச்சும் சொன்னாங்களா?"

அந்தக் கேள்விக்குத்தான் அவள் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். வந்தே விட்டது.

"அக்காவுக்கு டிவில வரணும்னு ஆசை சார். வீடு வீடாச் சொல்லி வெச்சிருக்காங்க" என்றாள். அது பொய்யில்லை.

மேனேஜர் ரொம்ப நேரம் கறுப்புத் துணி போட்ட ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார், அதில் ஏதோ தெரிகிற மாதிரி. கையெழுத்து அவருடையது. நாளைக்கு ஏதாவது ஆனால் தாளும் அவர் பெயரைத்தான் காட்டும். "அந்த வரியை எடுத்துடுங்க" என்றார். "ஆனா ஆள் இருக்கட்டும்."

மணி இரண்டே முக்கால். வரியை எடுப்பது சுலபமாகவா இருந்தது? அக்கா கேமராவைப் பார்த்துப் பேசுகிற ஐந்து விநாடியும் போயிற்று. குரலை மட்டும் அடக்கினால், வாய் அசைந்து சத்தம் வராமல், ஊமைப்படம் மாதிரி கேலியாகிவிடும். மிஞ்சியது பின்னாலிருந்து எடுத்த மூன்று விநாடி ஏற்றம். முதுகு, பின்னல், கம்பியைப் பிடித்த கை, மேல் படிக்கு வரும்போது ஒரு பக்கக் கன்னம். அந்த மூன்றைக் கொஞ்சம் மெதுவாக ஓடவிட்டு நாலாக்கினாள். ஓட்டத்தைக் குறைத்தால் இசை இழுபடும் என்பதால், வெட்டிப்போட்ட சூரிய உதயத்திலிருந்து பேச்சில்லாத இசையை இரண்டு சுற்று எடுத்து அதன் கீழே வைத்தாள். இன்னும் நாலு விநாடி வேண்டும். வாளி தூக்குகிற பையனைத் திரும்பக் கொண்டுவந்தாள். பன்னிரண்டு, எட்டு, நாலு, பதினாலு, பத்து, நாலு, எட்டு. அறுபது. படம் முன்பிருந்ததைவிடச் சப்பென்றுதான் இருந்தது. படிவத்தில் இரண்டே வரி. மேனேஜர் கையெழுத்துப் போட்டார். மூன்று ஐம்பதுக்குப் படம் போயிற்று. போகும்போது அவர் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டூலை மட்டும் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

வீட்டில் அவள் வாய் திறக்கவில்லை. "எப்படி வந்திருக்கு?" என்று அக்கா கேட்டபோது, "நல்லா வந்திருக்கு" என்றாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் மூன்று நாள். கூடத்தைத் தாண்டும்போதெல்லாம் நடையை எட்டிப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே பக்கத்து வீட்டிலிருந்து நாலு பேர், எதிர் வீட்டிலிருந்து மூன்று பேர், எல்லாரும் வந்துவிட்டார்கள். அக்கா வேலைக்குக் கட்டாத புடவையைக் கட்டியிருந்தாள். கத்திரிக்குத் தன் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ள ஆசை. ஆனால் அக்கா கையைப் பிடித்துத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தாள். "இவதான் பண்ணினா" என்று எல்லாருக்கும் காட்டினாள்.

படம் வந்தது. பெரியவர் பேசினார். இயந்திரங்கள் ஓடின. ஒரு முதுகு ஏணியில் ஏறிற்று. பையன் வாளியைத் தூக்கிக் கொடுத்தான். ஏணிகள் வரிசையாக வந்தன. தொலைபேசி எண் வந்தது. அடுத்து ஒரு பற்பசை விளம்பரம் தொடங்கியது.

"எங்க, இன்னும் வரலையே?" என்றாள் எதிர் வீட்டுக்காரி.

"வந்துச்சே, ஏறினாங்கல்ல" என்றார் அத்தான், யாரையும் பார்க்காமல்.

அக்கா பிடித்திருந்த கை மெல்ல நழுவியது. வந்தவர்கள் ஆளுக்கொரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அக்கா எழுந்து போய் சாதாரணப் புடவைக்கு மாறினாள். "நேரம் போதலைக்கா" என்று இவள் சமையலறை வாசலில் நின்று சொன்னாள். "பரவால்லை" என்றாள் அக்கா. குரலில் வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்று தோன்றிற்று.

ஆனால் திங்கட்கிழமை அக்கா வேலையிலிருந்து வந்தபோது முகம் வேறாக இருந்தது. கைப்பையைக்கூட வைக்காமல், நேராகச் சமையலறையைத் தாண்டி இவள் அறை வாசலுக்கு வந்து நின்றாள்.

"மேனேஜர் என்னைக் கூப்பிட்டு வருத்தம் தெரிவிச்சார். அவர் எவ்வளவோ சொன்னாராம். நீதான் முகம் சரியில்லைன்னியாம். பல்லு எடுப்பா இல்லைன்னியாம்."

அவர் ஆறுதலாக நினைத்துத்தான் சொல்லியிருப்பார். தான் தப்பித்துக்கொள்ளவும் சொல்லியிருக்கலாம். எதுவானாலும் அவர் சொன்னது உண்மை. கத்திரியால் இல்லையென்று சொல்ல முடியவில்லை.

"சொன்னேன்."

"இந்த மூஞ்சிதான்டி உன்னை ஏழு வயசிலேருந்து பார்த்துக்கிட்டது."

அதற்கப்புறம் பன்னிரண்டு நாள் அக்கா பேசவில்லை. சாப்பாடு மட்டும் மூடி வைத்திருப்பாள். எங்க கிளம்பிட்டே என்ற கேள்விகூட நின்றுபோயிற்று. பதினோரு வருஷமாக அந்தக் கேள்வி எப்போது நிற்கும் என்று காத்திருந்தவள், அது நின்ற பிறகு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா நிற்க ஆரம்பித்தாள். உண்மையைச் சொல்லலாம். சொன்னால், நீ சொன்னது பொய் என்று அக்காவின் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். முகம் சரியில்லை என்பதைவிட அது மோசமா, தேவலையா? அவளால் முடிவு செய்ய முடியவில்லை.

பதிமூன்றாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அத்தான் வெளியே போயிருந்தார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவள் எதிரில் போய் உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்து மடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஹெட்போனில் கேட்டது, கணக்கு, படிவம், மூன்றாவது வரி, எல்லாம்.

அக்கா மடிப்பதை நிறுத்தவில்லை. கடைசித் துணி வரைக்கும் மடித்துவிட்டு, "அங்க கூட்டிட்டுப் போ. எனக்கு அதைக் கேட்கணும்" என்றாள்.

"போன்லயே இருக்கேக்கா."

"போன்ல இல்லை. நீ கேட்ட மாதிரி."

ஸ்டுடியோ சாவி இவளிடமும் ஒன்று இருந்தது. பதினெட்டு வருஷத்தில் அக்கா அந்த அறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. "இதுக்குள்ளயா உட்கார்ந்திருக்கே தினமும்?" என்று சுவரைத் தொட்டுப் பார்த்தாள். இவள் தன் நாற்காலியில் அவளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, அந்த எட்டு விநாடியைப் போட்டாள். அக்கா ஒரு தடவை கேட்டாள். விரலைக் காட்டி இன்னொரு தடவை கேட்டாள்.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு அந்த வரி எனக்கு வரவே இல்லைடி. நாலு தடவை தப்பாச் சொன்னேன். கேமரா பயம்னு நினைச்சாங்க. நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டேன்." கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். "இதுல பாரு, எவ்வளவு உறுதியாச் சொல்றேன். எனக்கே நம்பிடணும்போல இருக்கு."

"அக்கா, முகம்..."

"அதை விடு. அது எனக்கு இன்னும் ஆறலை. இப்ப அதைப் பத்திப் பேசாதே."

அக்காதான் மறுபடி ஆரம்பித்தாள். "இதை அழிச்சிட முடியுமா?"

"இங்க இருக்கிறதை அழிக்கலாம். கம்பெனி இணையதளத்துல இருக்கிறது அவங்க கையில."

"யார்கிட்ட போய்ச் சொல்றது? சொன்னா, அப்ப எல்லாத்துலயும் நீயே ஏறிப் பாருன்னுவாங்க. இந்த முட்டியை வெச்சுக்கிட்டு."

கத்திரி ஹெட்போனை வாங்கி வைத்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்தாள்.

டிவியில் அந்த அறுபது விநாடி மூன்று வாரம் ஓடி நின்றது. இணையதளத்தில் எழுபத்தெட்டு விநாடியும் அப்படியே இருக்கிறது, சிரிப்போடும் வரியோடும். அக்கா இன்னும் அதே பிரிவில்தான் இருக்கிறாள். இப்போதெல்லாம் இருபதுக்கு ஒன்று என்று நிறுத்திக்கொள்வதில்லையாம். முட்டி தாங்குகிற நாளில் பத்துக்கு ஒன்று ஏறுகிறாள், சில நாள் அதற்கும் மேலே. சாயங்காலம் வந்து கூடத்தில் காலை நீட்டி உட்காருகிறாள். கத்திரி எண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து தேய்த்துவிடுகிறாள். இரண்டு பேரும் அப்போது டிவி போடுவதில்லை.